மூன்று அட்டவணைகளில் எது மேசைக்கு? கிராம் பாசிட்டிவ் கோக்கையைப் பிரித்தறியும் வழிகள்

காலையில் இன்குபேட்டரைத் திறந்து ரத்த அகார் பிளேட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறோம். வெள்ளையாகச் சில காலனிகள் தெரிகின்றன. ஒன்றைத் தொட்டு ஸ்மியர் போட்டு கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தால், ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாக பாக்டீரியா. இதுவரை யாருக்கும் குழப்பமில்லை. அடுத்த அடியில்தான் சிக்கல். ஊதா உருண்டை என்றால் ஸ்டாஃபைலோகாக்கஸாக இருக்கலாம், ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்கலாம், என்டெரோகாக்கஸாகவும் இருக்கலாம். பக்கத்தில் விரித்து வைத்திருக்கும் ஒப்பீட்டு அட்டவணை எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து எந்தப் பாட்டிலைக் கையில் எடுப்போம் என்பது முடிவாகிறது.

நுண்ணுயிரியல் படிப்பவர்களிடமும் ஆய்வக மேசையில் வேலை செய்பவர்களிடமும் பொதுவாக மூன்று விதமான அட்டவணைகளைப் பார்க்கலாம். ஒன்று, உயிரியின் பெயரை வரிசையாக எழுதி எதிரே உருவம், சாயம், நோய், சோதனை என்று நிரப்பியது. இரண்டாவது, மாதிரியிலிருந்து தொடங்குவது: தொண்டை, சிறுநீர், ரத்தம், மூளைத் தண்டுவட நீர் என்று பிரித்து, எதில் எது வரும் என்று சொல்வது. மூன்றாவது, சோதனைகளைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே அடுக்கியது. மூன்றிலும் இருக்கும் தகவல் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மேசையில் அவை தரும் விடை ஒன்றாக இருப்பதில்லை. கிராம் பாசிட்டிவ் கோக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் வகை: பெயரிலிருந்து தொடங்கும் அட்டவணை

எல்லோரும் முதலில் எழுதுவது இதுதான்.

| உயிரி | கிராம் சாயமும் அமைப்பும் | முக்கிய நோய்கள் | அடையாளச் சோதனைகள் |
|---|---|---|---|
| ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் | ஊதா, கொத்துக் கொத்தாக | கொப்புளம், எலும்பு அழற்சி, இதய உள்ளறை அழற்சி, உணவு நஞ்சாதல் | கேட்டலேஸ் +, கோயாகுலேஸ் + |
| ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் | ஊதா, கொத்து | கதீட்டர், செயற்கை வால்வு போன்றவற்றில் தொற்று | கேட்டலேஸ் +, கோயாகுலேஸ் –, நோவோபயோசினுக்குக் கட்டுப்படும் |
| ஸ்டாஃபைலோகாக்கஸ் சாப்ரோஃபைடிகஸ் | ஊதா, கொத்து | இளம் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று | கேட்டலேஸ் +, கோயாகுலேஸ் –, நோவோபயோசினுக்குக் கட்டுப்படாது |
| ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் | ஊதா, சங்கிலி | தொண்டை அழற்சி, தோல் தொற்று, பின்விளைவாக ருமாட்டிக் காய்ச்சல் | கேட்டலேஸ் –, பீட்டா ஹீமோலைசிஸ், பேசிட்ராசினுக்குக் கட்டுப்படும், பி.ஒய்.ஆர் + |
| ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே | ஊதா, சங்கிலி | பச்சிளங்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல், ரத்தத் தொற்று | கேட்டலேஸ் –, பீட்டா ஹீமோலைசிஸ், கேம்ப் + |
| ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே | ஊதா, ஈட்டிமுனை வடிவில் இரட்டை இரட்டையாக | நிமோனியா, நடுக்காது அழற்சி, மூளைக்காய்ச்சல் | கேட்டலேஸ் –, ஆல்ஃபா ஹீமோலைசிஸ், ஆப்டோசினுக்குக் கட்டுப்படும், பித்த உப்பில் கரையும் |
| விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கை | ஊதா, சங்கிலி | பற்சொத்தை, இதய உள்ளறை அழற்சி | கேட்டலேஸ் –, ஆல்ஃபா ஹீமோலைசிஸ், ஆப்டோசினுக்குக் கட்டுப்படாது |
| என்டெரோகாக்கஸ் | ஊதா, இரட்டை அல்லது சிறு சங்கிலி | சிறுநீர்த் தொற்று, இதய உள்ளறை அழற்சி | கேட்டலேஸ் –, பைல் எஸ்குலின் கறுப்பு, 6.5% உப்பில் வளரும், பி.ஒய்.ஆர் + |

தேர்வுக்கு இதைவிட நல்லது இல்லை. "அகலாக்டியே பற்றி எழுதுக" என்று கேட்டால் ஒரே வரியில் விடை கிடைத்துவிடும். ஆனால் மேசையில் கேள்வி தலைகீழாக வருகிறது. பெயர் தெரிந்தால்தானே அந்த வரிக்குப் போக முடியும்? நமக்குத் தெரியாததே பெயர்தான்.

இரண்டாவது நெடுவரிசையை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். எட்டு வரியிலும் "ஊதா". 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த இந்தச் சாயமுறை, பாக்டீரியா உலகத்தையே இரண்டாகப் பிரித்துக் கொடுத்தது. ஆனால் ஒரு பாதிக்குள் வந்துவிட்ட பிறகு அதனிடம் மேற்கொண்டு கேட்க எதுவுமில்லை. மிஞ்சுவது அமைப்பு, அதாவது கொத்தா சங்கிலியா என்பது. அதை நம்பலாமா?

ஓரளவுக்குத்தான். ஸ்டாஃப் பல தளங்களில் பிரிவதால் கொத்தாகிறது, ஸ்ட்ரெப் ஒரே தளத்தில் பிரிவதால் சங்கிலியாகிறது. இது திரவ ஊடகத்தில் அழகாகத் தெரியும். ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலிருந்து நேராகப் போட்ட ஸ்மியரில் நீளமான சங்கிலியைப் பார்த்தால் ஸ்ட்ரெப் என்று துணிந்து எண்ணலாம். ஆனால் அகார் மேல் வளர்ந்த காலனியை லூப்பால் எடுத்து, உப்புநீர்த் துளியில் தேய்த்துப் பரப்பும்போது சங்கிலி அறுந்துபோகும். ஸ்மியர் தடிமனாக இருந்தால் அறுந்த துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கொத்து போலவே காட்சி தரும். நிறமும் ஏமாற்றும். ஆல்கஹாலைச் சில விநாடிகள் அதிகமாக ஓட விட்டால், அல்லது இரண்டு நாள் பழைய காலனியை எடுத்தால், ஊதாவாக இருக்க வேண்டியது இளஞ்சிவப்பாகிவிடும். அதனால் 18 முதல் 24 மணி நேரக் காலனியைத்தான் எடுக்க வேண்டும். ஸ்லைடின் மெல்லிய பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை: மாதிரியிலிருந்து தொடங்கும் அட்டவணை

மருத்துவர்கள் யோசிப்பது இந்த வழியில்தான். தொண்டை ஸ்வாப் என்றால் பயோஜெனிஸ் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி. அங்கே விரிடன்ஸ் இருந்தால் அது அந்த இடத்தின் குடித்தனக்காரர், கண்டுகொள்ள வேண்டியதில்லை. அதே விரிடன்ஸ் மூன்று ரத்தக் கல்ச்சர் பாட்டில்களில் வந்தால் கதையே வேறு.

இந்த அட்டவணையின் பலம், எந்தச் சோதனைக்கு எங்கே பொருள் உண்டு என்று சொல்வது. நோவோபயோசினை எடுத்துக்கொள்வோம். 5 மைக்ரோகிராம் வட்டைச் சுற்றி 16 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவான வளையம் வந்தால் அது கட்டுப்படாத ரகம். இளம் பெண்ணின் சிறுநீரில் வந்த கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃபுக்கு இதைச் செய்தால் "சாப்ரோஃபைடிகஸ்" என்று எழுதலாம். ரத்தத்திலோ புண்ணிலோ வந்ததற்குச் செய்தால் அந்த விடையை அப்படி எழுத முடியாது, ஏனென்றால் நோவோபயோசினுக்குக் கட்டுப்படாத வேறு ஸ்டாஃப் இனங்களும் உண்டு. முதல் வகை அட்டவணையில் இந்த எச்சரிக்கைக்கு இடமே கிடையாது.

ஆனால் இந்த வகைதான் ஆபத்தானதும்கூட. எதிர்பார்ப்பை முன்கூட்டியே கண்ணில் ஏற்றிவிடும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பச்சிளங்குழந்தையின் மூளைத் தண்டுவட நீர். அதை கிராம் சாயத்தில் பார்த்தால் ஊதா நிறத்தில் குட்டை குட்டையாக, இரண்டிரண்டாகச் சில. மறுநாள் ரத்த அகாரில் சின்னக் காலனிகள், அடியில் மெல்லிய பீட்டா ஹீமோலைசிஸ். அட்டவணையைப் பார்த்தால் பச்சிளங்குழந்தை, மூளைக்காய்ச்சல், ஊதா, பீட்டா எல்லாமே அகலாக்டியே பக்கம் கைகாட்டும். கேம்ப் சோதனையும் போட்டுப் பார்க்கிறோம், பாசிட்டிவ் போலத்தான் தெரிகிறது. இதோடு நிறுத்தியிருந்தால் தவறு நடந்திருக்கும். லிஸ்டீரியா மோனோசைடோஜீனஸும் பச்சிளங்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் தரும், மெல்லிய பீட்டா ஹீமோலைசிஸ் காட்டும், கேம்பிலும் பாசிட்டிவ் வரும். அது குட்டையான கோல் வடிவம். ஆனால் ஸ்மியரில் கோக்கை போலவே ஏமாற்றும்.

இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு துளி. லிஸ்டீரியா கேட்டலேஸ் பாசிட்டிவ், அகலாக்டியே நெகட்டிவ். பத்து விநாடி வேலை. லிஸ்டீரியாவுக்கு செஃபலோஸ்போரின் மருந்துகள் வேலை செய்யாது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பத்து விநாடியின் எடை புரியும்.

மூன்றாவது வகை: சோதனை வரிசையில் அமைந்த அட்டவணை

மேசையில் எதை ஒட்டி வைப்பது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். இதில் பெயர்கள் கடைசியில் வரும். ஒவ்வொரு வரியும் ஒரு சோதனை. ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே, அது எப்போது பொய் சொல்லும் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் இல்லாத அட்டவணையை நான் மேசையில் ஒட்ட மாட்டேன்.

| சோதனை | எதை எதிலிருந்து பிரிக்கும் | எப்போது பொய் சொல்லும் | அப்போது செய்ய வேண்டியது |
|---|---|---|---|
| கேட்டலேஸ் | ஸ்டாஃப் / ஸ்ட்ரெப், என்டெரோ | ரத்த அகார் ஒட்டி வந்தால், இரும்பு கலந்த லூப் பட்டால் | மரக்குச்சியால் காலனியின் உச்சியை மட்டும் எடுத்து மறுபடி செய்வது |
| ஸ்லைடு கோயாகுலேஸ் | ஆரியஸ் / மற்ற ஸ்டாஃப் | சில ஆரியஸ் நெகட்டிவ் காட்டும். வேறு சில ஸ்டாஃப் பாசிட்டிவ் காட்டும் | டியூப் கோயாகுலேஸ் |
| டியூப் கோயாகுலேஸ் | அதே | இரவு முழுக்க விட்டு மட்டும் பார்த்தால் கட்டி கரைந்திருக்கும் | 4 மணி நேரத்துக்குள் அடிக்கடி பார்ப்பது |
| பேசிட்ராசின் 0.04 யூனிட் | பயோஜெனிஸ் / மற்ற பீட்டா ஸ்ட்ரெப் | பி, சி, ஜி பிரிவுகளில் சிலவும் கட்டுப்படும் | பி.ஒய்.ஆர் |
| ஆப்டோசின் 5 மைக்ரோகிராம் | நிமோனியே / விரிடன்ஸ் | 7 முதல் 13 மில்லிமீட்டர் வளையம் வந்தால் | பித்த உப்புக் கரைதல் |

முதல் வரியிலிருந்தே போவோம். கேட்டலேஸ் மிக எளிது: சுத்தமான ஸ்லைடில் காலனியை வைத்து, அதன் மேல் 3% ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒரு துளி. உடனே குபுகுபுவென்று நுரைத்தால் பாசிட்டிவ். இவ்வளவு எளிது என்பதால்தான் கவனக்குறைவும் வருகிறது. சிவப்பணுக்களிலேயே கேட்டலேஸ் இருக்கிறது. காலனியை எடுக்கும்போது அகாரைச் சுரண்டிவிட்டால், ஸ்ட்ரெப்கூட நான்கைந்து குமிழ் விடும். நிக்ரோம் கம்பி லூப்பால் எடுத்தாலும் அப்படித்தான். அதனால் மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் லூப். மேலே ஒரு கவர்ஸ்லிப்போ மூடியோ வைத்தால், வெடிக்கும் குமிழிலிருந்து பாக்டீரியா காற்றில் தெறிப்பதும் குறையும். என்டெரோகாக்கஸ் சில நேரம் மந்தமாகக் குமிழ் விடும். இருபது விநாடி கழித்து மெதுவாக எட்டிப்பார்க்கும் ஒன்றிரண்டு குமிழ்களை நான் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்வதில்லை. பெராக்ஸைடு பாட்டில் திறந்து திறந்து வீரியம் குறைந்துபோகும் என்பதால், தினமும் தெரிந்த ஆரியஸ் ஒன்றையும் தெரிந்த ஸ்ட்ரெப் ஒன்றையும் கூடவே போட்டுப் பார்க்க வேண்டும்.

கேட்டலேஸ் பாசிட்டிவ் எல்லாமே ஸ்டாஃப் என்றும் இல்லை. மைக்ரோகாக்கஸும் நுரைக்கும். காலனி நல்ல மஞ்சளாகவும் ஸ்மியரில் நான்கு நான்காகவும் இருந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடா, டியூபா?

மொத்தக் கட்டுரையிலும் நான் அதிகம் சொல்ல நினைப்பது இந்த இடத்தைத்தான், ஏனென்றால் இங்கே எடுக்கும் முடிவு நோயாளியின் படுக்கை வரைக்கும் போகிறது.

ஸ்லைடு, டியூப் இரண்டையும் "கோயாகுலேஸ்" என்று ஒரே பெயரில் அழைத்தாலும், அவை பார்ப்பது இரண்டு வேறு பொருள்களை. ஸ்லைடு சோதனை பார்ப்பது பாக்டீரியாவின் உடலோடு ஒட்டியிருக்கும் கிளம்பிங் ஃபேக்டரை. ஸ்லைடில் ஒரு துளி உப்புநீரில் காலனியைக் கரைத்து, ஒரு துளி பிளாஸ்மா சேர்த்தால் பத்து விநாடிக்குள் வெள்ளைத் திட்டுகளாகக் கட்டிக்கொள்ளும். டியூப் சோதனை பார்ப்பது, பாக்டீரியா வெளியே விடும் கோயாகுலேஸை. அரை மில்லி முயல் பிளாஸ்மாவில் சில காலனிகளைக் கலந்து 37 டிகிரியில் வைத்தால், பிளாஸ்மாவே ஜெல்லி போல உறையும்.

வேகம் ஸ்லைடுக்கு, நம்பகம் டியூபுக்கு. ஸ்லைடில் இரண்டு பக்கமும் தவறு வரும். நிஜமான ஆரியஸில் பத்தில் ஒன்று என்ற அளவில் ஸ்லைடில் நெகட்டிவ் காட்டக்கூடும். மறுபக்கம், ஸ்டாஃபைலோகாக்கஸ் லுக்டுனென்சிஸ் போன்றவை ஸ்லைடில் பாசிட்டிவ், டியூபில் நெகட்டிவ். லுக்டுனென்சிஸை லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது, இதய வால்வை ஆரியஸ் போலவே அரிக்கும். பி.ஒய்.ஆர் பாசிட்டிவாகவும் ஆர்னித்தின் டிகார்பாக்சிலேஸ் பாசிட்டிவாகவும் இருப்பது அதைக் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: சில காலனிகள் வெறும் உப்புநீரிலேயே தாமாகத் திட்டுத் திட்டாகிவிடும். அதனால் பிளாஸ்மா இல்லாத துளி ஒன்று பக்கத்தில் இல்லாமல் ஸ்லைடு முடிவை எழுதக் கூடாது. மானிட்டால் உப்பு அகாரிலிருந்து எடுத்த காலனிக்கு ஸ்லைடு செய்யவே கூடாது.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்துக்கு, கதீட்டர் வைத்த ஒரு நோயாளியின் ரத்தக் கல்ச்சர் வந்தது. இரண்டு கைகளிலிருந்து எடுத்தவை. முதல் நாள் ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ச்சி. ஸ்மியரில் கொத்துக் கொத்தாக ஊதா உருண்டைகள். பிளேட்டில் வளர்ந்த பிறகு கேட்டலேஸ் பார்த்தோம், நன்றாக நுரைத்தது. ஸ்லைடு கோயாகுலேஸில் உப்புநீர்ப் பக்கமும் பிளாஸ்மா பக்கமும் ஒரே மாதிரி பால் போல வழவழப்பாக இருந்தன. நெகட்டிவ்.

இந்த இடத்தில் மனம் எங்கே போகும் என்று தெரியும்தானே? கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃப், இரண்டில் ஒரு பாட்டில் மட்டும், தோலிலிருந்து ஊசி வழியாக வந்திருக்கும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். வேலைப் பட்டியலில் அப்படி ஒரு குறிப்பும் எழுதப்பட்டுவிட்டது. நல்லவேளையாக டியூப் சோதனை காலை ஒன்பது மணிக்கே போடப்பட்டிருந்தது. பத்து மணிக்குச் சாய்த்துப் பார்த்தபோது பிளாஸ்மா தண்ணீராக ஓடியது. பதினொன்றரைக்கு ஓரத்தில் நூல் போல ஏதோ மிதந்தது. ஒரு மணிக்குச் சாய்த்தபோது எதுவும் ஓடவில்லை, டியூபின் அடியில் ஒரு கட்டி அப்படியே நின்றது. பக்கத்திலிருந்த, எபிடெர்மிடிஸ் போட்ட கன்ட்ரோல் டியூப் இன்னும் தண்ணீராகவே இருந்தது. இது ஆரியஸ். ஆரியஸ் ரத்தத்தில் ஒரே பாட்டிலில் வந்தாலும் அதை அசுத்தம் என்று ஒதுக்குவதில்லை. உடனே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது.

அதோடு முடியவில்லை. அந்த டியூபை நாங்கள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தோம். மறுநாள் காலை சாய்த்தால் மறுபடியும் தண்ணீர்! கட்டி இருந்த இடமே தெரியவில்லை. அந்த ரகம் ஸ்டாஃபைலோகைனேஸையும் விட்டிருந்தது, அது உறைந்த ஃபைப்ரினைக் கரைத்துவிட்டது. டியூபை மாலையில் போட்டு மறுநாள் காலை மட்டும் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு இருந்திருந்தால், ஸ்லைடும் நெகட்டிவ், டியூபும் நெகட்டிவ், இரண்டும் ஒத்துப்போகின்றன என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருப்போம். முதல் நான்கு மணி நேரம் அரை மணிக்கொரு முறை, குலுக்காமல் மெதுவாகச் சாய்த்துப் பார்ப்பதுதான் சரி. அப்போது நெகட்டிவாக இருந்தால் அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வரை விட்டு மறுபடி பார்க்கலாம், தாமதமாக உறையும் ரகங்களும் உண்டு.

பிளாஸ்மா வாங்கும்போதும் ஒரு தேர்வு இருக்கிறது. சிட்ரேட் சேர்த்த பிளாஸ்மாவா, இ.டி.டி.ஏ சேர்த்ததா? சிட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியா, உதாரணமாகக் கலந்து வளர்ந்த என்டெரோகாக்கஸ், சிட்ரேட்டைத் தீர்த்துவிட்டால் பிளாஸ்மா தானாகவே உறையும். கோயாகுலேஸ் இல்லாமலே பாசிட்டிவ். இ.டி.டி.ஏ பிளாஸ்மாவில் இந்தச் சிக்கல் வராது. அதையே எடுங்கள்.

ஆக, என் முடிவு: சாதாரண சீழ் மாதிரியில் ஸ்லைடு பாசிட்டிவாக வந்தால் அதோடு போகலாம். ஸ்லைடு நெகட்டிவ் என்றால் எந்த மாதிரியாக இருந்தாலும் டியூப் போட வேண்டும். ரத்தம், எலும்பு, மூட்டு போன்ற மாதிரிகளில் இரண்டையும் ஒரே நேரத்தில் போட வேண்டும்.

ஸ்ட்ரெப் பக்கம்

கேட்டலேஸ் நெகட்டிவ் என்றால் அடுத்த பிரிவு ஹீமோலைசிஸ். பிளேட்டை மேசையில் வைத்துப் பார்க்காமல், கையில் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். காலனியை லேசாக ஒதுக்கிவிட்டு அடியில் பார்த்தால் பச்சையா, தெளிவா, எதுவுமில்லையா என்பது தெரியும். அகாரில் லூப்பால் ஓரிரு இடம் குத்தி வைத்திருந்தால், ஆக்ஸிஜன் பட்டால் செயலிழக்கும் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ அந்தக் குத்துக்குள் தெளிவாக வேலை காட்டும்.

பீட்டா என்றால் பேசிட்ராசினா பி.ஒய்.ஆரா? பேசிட்ராசினுக்கு ஒரு இரவு காத்திருக்க வேண்டும், சுத்தமான கல்ச்சர் வேண்டும், அப்புறம் பி, சி, ஜி பிரிவு ரகங்கள் சில அதற்கும் கட்டுப்பட்டுத் தொலைக்கும். 0.04 யூனிட் வட்டுக்குப் பதில் 10 யூனிட் வட்டை எடுத்துவிட்டால் முடிவே பொருளற்றதாகிவிடும். பி.ஒய்.ஆர் சில நிமிடங்களில் சிவக்கும், பீட்டா ஸ்ட்ரெப்பில் அநேகமாக பயோஜெனிஸ் மட்டுமே அதில் பாசிட்டிவ். ஆனால் என்டெரோகாக்கஸும் சிவக்கும் என்பதால், பீட்டா என்பதையும் காலனி சுத்தமானது என்பதையும் உறுதி செய்த பிறகே செய்ய வேண்டும். இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்றால் பி.ஒய்.ஆர்தான். அகலாக்டியேவுக்கு கேம்ப் போதும்: ஆரியஸ் கோட்டுக்குச் செங்குத்தாக, தொடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி இழுத்தால், சந்திக்கும் இடத்தில் அம்புமுனை போலத் தெளிவு வரும். லிஸ்டீரியாவை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஆல்ஃபா என்றால் ஆப்டோசின். இங்கேதான் அட்டவணைகளில் எழுதும் "கட்டுப்படும்", "கட்டுப்படாது" என்ற இரண்டே சொல் காலை வாரிவிடும். 6 மில்லிமீட்டர் வட்டைச் சுற்றி 14 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் வளையம் இருந்தால் நிமோனியே. வளையமே இல்லையென்றால் விரிடன்ஸ். நடுவில் ஒரு வளையம், சரியாக 11 மில்லிமீட்டர் வந்தால்? முதல் இரண்டு அட்டவணைகளும் அங்கே வாயை மூடிக்கொள்ளும்.

முதலில் பார்க்க வேண்டியது பிளேட் எந்தக் காற்றில் இருந்தது என்பதை. 14 என்ற அளவு, 5% கார்பன் டை ஆக்ஸைடில் வைத்த ரத்த அகாருக்கானது. சாதாரணக் காற்றில் வைத்தால் வளையம் பெரிதாகும், விரிடன்ஸ்கூட நிமோனியே போல வேஷம் போடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூடோநிமோனியே என்ற உறவுக்காரர் கார்பன் டை ஆக்ஸைடில் கட்டுப்படாது, சாதாரணக் காற்றில் கட்டுப்படும். காற்று சரியாக இருந்தும் 11 என்றால், பித்த உப்புக் கரைதலுக்குப் போக வேண்டும்.

இரண்டு சிறு டியூபில் அதே காலனியை உப்புநீரில் கலங்கலாகக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சோடியம் டீஆக்ஸிகோலேட், மற்றதில் வெறும் உப்புநீர். 37 டிகிரியில் வைத்து இரண்டு மணி நேரம் வரை இடையிடையே பாருங்கள். நிமோனியே என்றால் முதல் டியூப் தெளிந்து, பின்னால் பிடித்த எழுத்தைப் படிக்க முடியும். இரண்டாவது கலங்கலாகவே நிற்கும். நிமோனியேவிடம் தன்னைத் தானே கரைக்கும் என்சைம் இருக்கிறது, பித்த உப்பு அதை முடுக்கிவிடுகிறது. அதே என்சைமால்தான் வயதான காலனிகள் நடுவில் குழிந்து கிடக்கின்றன. கரைசல் அமிலமாக இருந்தால் டீஆக்ஸிகோலேட்டே கூழாகப் படிந்துவிடும், அதனால் நடுநிலை அமிலத்தன்மை முக்கியம்.

பிளேட்டிலேயே காலனி மேல் ஒரு துளி விட்டும் இதைச் செய்யலாம், அரை மணியில் காலனி மறைந்து பச்சைத் தடம் மட்டும் மிஞ்சும். விரைவு வேண்டுமென்றால் இது. ஆனால் பிளேட்டை எடுக்கும்போது சற்றே சாய்ந்தாலும் காலனி துளியோடு மிதந்து நகர்ந்துவிடும், கரைந்ததா நகர்ந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. 11 மில்லிமீட்டர் வளையம் போன்ற சந்தேகத்தைத் தீர்க்க நான் டியூபைத்தான் எடுப்பேன். பிளேட்டில் செய்வதென்றால், துளி விடுவதற்கு முன் காலனி இருக்கும் இடத்தை அடியில் மார்க்கர் பேனாவால் வட்டமிட்டு, முடிந்ததும் பக்கத்து அகாரில் ஒதுங்கிய வெள்ளைப் படலம் ஏதும் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.